சினமா, துயரமா, கோணல் சிரிப்பா? ஆங்கில வாசிப்புத் தேர்வில் எழுத்தாளர் மனப்பான்மையை அறிதல்



ஆங்கில வாசிப்புத் தேர்வுகளில் ஒருவகை வினா உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்றெல்லாம் கேட்டபின், "இதை எழுதியவரின் மனப்பான்மை யாது?" என்றோ, "இப்பத்தியின் தொனி யாது?" என்றோ ஒரு வினா வந்து நிற்கும். கீழே சில தெரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே சொல்லாகவோ, இரு சொற்கள் சேர்ந்த தொடராகவோ இருக்கும். மியூவெட் என்று நாம் சுருக்கிச் சொல்லும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு 1999-ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கென வாசிப்புப் பயிற்சி பெறும் ஆறாம் படிவ மாணவர்கள் இவ்வினாவை நன்கு அறிவார்கள்.

நாம் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிறோம். நம்மிடம் படித்துச் சென்றவர்கள் வளர்ந்தபின், தேர்வுக் காலத்தில் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு மாலையில் வருவதுண்டு. அவர்களிடம் நாம் காண்பது இதுதான். பத்தியின் பொருளைத் தமிழில் தடையின்றிச் சொல்கிறார்கள். நடந்தது என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். மனப்பான்மை வினாவில் மட்டும் தவறான சொல்லுக்கு வட்டமிடுகிறார்கள். பத்தி புரியாமல் மதிப்பெண் போனால் அதற்குக் காரணம் உண்டு. பத்தி புரிந்தும் மதிப்பெண் போவதற்குக் காரணம் என்ன? இன்றைய உரையில் அதனை ஆராய்வோம். மூன்றே சொற்களை எடுத்துக்கொள்வோம். இண்டிக்னன்ட், சோம்பர், ரை என்பன அவை.

மாணவர்களின் குறிப்பேட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். இண்டிக்னன்ட் என்றால் கோபம் என்று எழுதியிருப்பார்கள். சோம்பர் என்றால் சோகம் என்று எழுதியிருப்பார்கள். ரை என்பதற்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கும். அல்லது கிண்டல் என்று இருக்கும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எழுதி வைத்ததனால், பத்தியில் கெட்ட செய்தி இருந்தால் கோபம் என்றும், இழப்பு இருந்தால் சோகம் என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இச்சொற்கள் செய்தியின் பெயர்கள் அல்ல. செய்தியை எழுதியவர் எவ்விடத்தில் நின்று அதைப் பார்க்கிறார் என்பதன் பெயர்கள். ஆகையால் ஒவ்வொரு சொல்லும் எத்தகைய நிலையைக் குறிக்கிறது என்று முதலில் அறிந்துகொள்வோம்.

இண்டிக்னன்ட் என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் டிக்னுஸ் என்றால் தகுதியுடையது என்று பொருள். கண்ணியத்தைக் குறிக்கும் டிக்னிட்டி என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். முன்னே நிற்கும் இன் என்பது அதனை மறுக்கிறது. ஆகவே, "இது தகாது" என்று எண்ணுவதால் எழும் சினமே இண்டிக்னன்ட் என்பது. கூட்டத்தில் ஒருவர் நம் காலை மிதித்துவிட்டால் நமக்குக் கோபம் வரும், அது வெறுங்கோபம். மூட்டையுடன் நிற்கும் முதியவளைப் பார்த்தும், நிறுத்தாமல் ஒரு பேருந்து ஓட்டுநர் சென்றுவிட்டால் நமக்கு வருவது வேறு. அங்கே தீங்கு செய்தவர் ஒருவர் இருக்கிறார். தீங்கை அடைந்தவர் ஒருவர் இருக்கிறார். இது முறையன்று என்ற தீர்ப்பும் நம் மனத்தில் இருக்கிறது. இம்மூன்றும் பத்தியில் இருந்தால்தான் அச்சொல் பொருந்தும்.

சோம்பர் என்னும் சொல்லைக் கேட்டதும் நம் தமிழ்ச் சோம்பல் நினைவுக்கு வரலாம். இரண்டிற்கும் உறவில்லை. இது பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. நிழலின் கீழ் இருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. கறுத்த வானத்தையும் இருண்ட நிற ஆடையையும்கூட ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பார்கள். எனவே இது அலறி அழுவதைக் குறிப்பதன்று. பாரமான ஒன்றை, குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொல்லும் நிலை அது. இழவு வீட்டில் முற்றத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பேசுவார்களே, அந்தக் குரலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை.

மூன்றாவது சொல் ரை. இதனை டபிள்யூ, ஆர், ஒய் என்ற மூன்று எழுத்துகளால் எழுதுவார்கள், முதலெழுத்து ஒலிப்பதில்லை. திரும்புதல், முறுக்குதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வேரில் பிறந்தது இது. கழுத்து ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வதை ஆங்கிலத்தில் ரைநெக் என்பார்கள். அதே கோணல் வாயில் வந்தால், அது ஒரு பக்க உதட்டால் மட்டும் சிரிக்கும் சிரிப்பு. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று; அந்த இடைவெளியைக் கண்டு, "இப்படியும் ஆயிற்றே" என்று மெல்லச் சிரிப்பவரின் நிலை அது. அவர் ஏமாந்திருப்பார், ஆனால் கூச்சலிட மாட்டார். பல வேளைகளில் தம்மையும் சேர்த்தே சிரித்துக்கொள்வார்.

நேயர்களே, உணர்ச்சியை அதன் காரணத்தோடு சேர்த்து அறியும் முறை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அழுகைக்கு அது சொல்லும் காரணங்கள் இழிவுபடுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை ஆகியவை. வெகுளிக்குச் சொல்லும் காரணங்கள் உறுப்பை அறுத்தல், குடும்பத்தைக் கெடுத்தல், அலைத்துத் துன்புறுத்துதல், கொல்லுதல் ஆகியவை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழுகைக்குரியவை ஒருவருக்கு நேர்பவை. வெகுளிக்குரியவை ஒருவர் மற்றொருவருக்குச் செய்பவை. அழுகைக்கு இழப்பு ஒன்றே போதும். வெகுளிக்குச் செய்தவன் ஒருவன் வேண்டும். ஆங்கிலச் சொற்களும் தமிழ் மெய்ப்பாடுகளும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும், சோம்பர் என்பதற்கும் இண்டிக்னன்ட் என்பதற்கும் நடுவே தயங்கும் மாணவர், "இந்த எழுத்தாளர் எவரையாவது குறித்து, செய்தவர் இவர் என்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டால் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நகைக்கு எள்ளல் ஒரு காரணம் என்கிறது அந்நூல். அதற்கு உரை கண்ட பேராசிரியர் அந்த எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது மற்றொன்று. ரை என்னும் சொல் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. குறிப்பேட்டில் கிண்டல் என்று மட்டும் எழுதிவைத்தால், இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

இனி, ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய வீடமைப்புப் பகுதி எழும்புகிறது. லயத்தில் குடியிருந்தவர்கள் வெளியேறுகிறார்கள். தேர்வில் இவை ஆங்கிலத்தில் வரும். வானொலியில் கேட்போர் எளிதாகப் பின்தொடர வேண்டும் என்பதற்காகத் தமிழில் சொல்கிறோம்.

முதலாமவர் இவ்வாறு எழுதுகிறார்: "கடைசி வரிசை மரங்கள் அன்று மாலை சாய்ந்தன. மறுநாள் விடியலில் பெரட்டு மணி அடிக்கவில்லை. பழக்கத்தினால் எழுந்துவிட்டவர்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் விளக்கேற்றியவர் அது காற்றில் அணைந்ததும் மறுபடி ஏற்றவில்லை. லாரி வந்தது. யாரும் அதிகம் பேசவில்லை."

இரண்டாமவர் எழுதுகிறார்: "மூன்று தலைமுறை இந்த மண்ணில் உழைத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வரிக் கடிதம். முப்பது நாட்களுக்குள் வெளியேற வேண்டுமாம். அவர்கள் மாளிகையா கேட்டார்கள்? மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கேட்டார்கள். அதையும் பேராசை என்று சொல்ல நிர்வாகத்துக்கு நாக்கு கூசவில்லை."

மூன்றாமவர் எழுதுவது சற்று நீளமானது. இதைத் தேர்வுப் பத்தியாகவே கொள்வோம். "எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் புதிய நகர் வந்திருக்கிறது. அதற்கு ரப்பர்ச் சோலை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. நுழைவாயிலில் நின்ற இளைஞர், இங்கே காற்று மிகத் தூய்மையானது என்று எனக்கு எடுத்துரைத்தார். நாற்பது ஆண்டுகள் அந்தக் காற்றைச் சுவாசித்தவன் நான் என்று சொல்ல வாய் வந்தது. அவர் அவ்வளவு ஆர்வமாகப் பேசியதால் சொல்லவில்லை. வீட்டின் விலையைக் கேட்டேன். பால்மரம் சீவிய கூலியில் கட்டினால், கடைசித் தவணையை என் பேரனின் பேரன் கட்டுவான் என்று கணக்கு வந்தது. விளம்பரத் தாளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மளிகைச் சாமான் பட்டியல் எழுத நன்றாக உதவிற்று."

வினா: எழுத்தாளரின் மனப்பான்மை யாது? தெரிவுகள் நான்கு. முதலாவது இண்டிக்னன்ட். இரண்டாவது சோம்பர். மூன்றாவது ரை. நான்காவது இண்டிபரன்ட், அதாவது அக்கறையற்ற நிலை.

தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்ய வேண்டும். நான்கு சொற்களையும் கையால் மூடிக்கொண்டு, எழுதியவர் எப்படிப் பேசுகிறார் என்பதை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். "பெரியவர் ஏமாந்துதான் போயிருக்கிறார், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்கிறார்" என்று சொல்வீர்களானால் பாதி வேலை முடிந்தது. முதலில் தெரிவுகளைப் பார்த்துவிட்டால், அவற்றுள் நமக்குப் பொருள் தெரிந்த சொல் எதுவோ அதுவே சரி என்று மனம் சாயும். பொருள் தெரியாத சொல்லைக் கண்டு ஒதுங்கும். ரை என்னும் விடை பல தாள்களில் தீண்டப்படாமல் கிடப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, பத்தியில் எழுத்தாளர் வேறு விதமாகவும் எழுதியிருக்கக்கூடிய இடங்களைக் கோடிட வேண்டும். விலை அதிகம் என்பது செய்தி. அதை எவரும் எழுதலாம். பேரனின் பேரன் கட்டுவான் என்பது எழுத்தாளர் தாமே தேர்ந்துகொண்ட சொல்வழி. தாளைக் கொண்டு வந்தேன் என்பது செய்தி. பத்திரமாக என்னும் சொல் அவர் சேர்த்தது. மளிகைப் பட்டியலுக்கு உதவிற்று என்பதும் அவர் சேர்த்தது. இப்படிப்பட்ட இடங்களில்தான் மனப்பான்மை ஒளிந்திருக்கிறது. செய்தி மட்டுமே உள்ள வாக்கியங்களில் அதைத் தேடினால் கிடைக்காது.

இப்போது தெரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது கேட்கும் பொருள் பத்தியில் உள்ளதா என்று பார்ப்போம். இண்டிக்னன்ட் கேட்பது குற்றச்சாட்டு. பத்தியில் நாம் விரலை வைத்து, "இதோ, குற்றம் சாட்டுகிறார்" என்று காட்டக்கூடிய வாக்கியம் உண்டா? இல்லை. இளைஞர் மீதும் அவருக்கு வருத்தம் இல்லை. அவருடைய ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறார். சோம்பர் கேட்பது பாரம். மரமில்லாத ரப்பர்ச் சோலையும் மளிகைப் பட்டியலும் அந்தப் பாரத்தைத் தங்கவிடவில்லை. இண்டிபரன்ட் என்றால் அவருக்கு இதில் பற்றில்லை என்றாகும். பற்றில்லாதவர் தம் நாற்பது ஆண்டுகளைக் குறிப்பிடுவாரா? தவணைக் கணக்குப் போடுவாரா? எஞ்சியது ரை. அது கேட்பது இடைவெளியும் ஒரு பக்கச் சிரிப்பும். பெயருக்கும் பொருளுக்கும் இடைவெளி, அனுபவசாலிக்கும் அவருக்குப் பாடம் சொல்ல வந்தவருக்கும் இடைவெளி, கூலிக்கும் விலைக்கும் இடைவெளி என்று மூன்று இடைவெளிகள் இருக்கின்றன. மூன்றையும் அவர் சிரித்தே கடக்கிறார். விடை ரை.

இங்கே ஒரு மாணவி எழுந்து நின்று, "ஐயா, தோட்டத்தில் உழைத்தவருக்கே அங்கு வீடு வாங்க முடியவில்லை, இது அநியாயம் இல்லையா? அப்படியானால் இண்டிக்னன்ட் என்பது ஏன் தவறு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அநியாயம்தான். அதை உணர்ந்து கொதிப்பது அம்மாணவியின் மனம். தேர்வு கேட்பது வாசகரின் மனப்பான்மையை அன்று, எழுத்தாளரின் மனப்பான்மையை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பத்தியின் கடைசி மூன்று வாக்கியங்களை எடுத்துவிட்டு, "எங்கள் வியர்வை விழுந்த மண்ணை எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்க இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?" என்று ஒரு வாக்கியத்தை வைத்துப் பாருங்கள். உடனே குரல் உயர்கிறது. பத்தி இண்டிக்னன்ட் பக்கம் திரும்புகிறது. அப்படித் திரும்புவதற்கு நாம் ஒரு வாக்கியத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது அல்லவா? கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே அது முன்பு அங்கே இல்லை என்பதற்குச் சான்று.

மேலே சொன்ன முதற்பத்திக்கும் இதே சோதனை பொருந்தும். பெரட்டு மணி அடிக்கவில்லை என்பதில் அடிக்காதவர் யார் என்ற பேச்சே இல்லை. மரங்கள் சாய்ந்தன என்கிறார். சாய்த்தார்கள் என்று சொல்லவில்லை. செய்தவரைச் சொல்லாத வினைகளும் குறுகிய வாக்கியங்களும் சோம்பர் பத்திகளில் அடிக்கடி வரும். இரண்டாம் பத்தியிலோ, "மாளிகையா கேட்டார்கள்?" என்று விடை வேண்டாத வினா வருகிறது, "வேண்டுமாம்" என்று பிறர் சொல்லைத் தள்ளிவைத்துச் சொல்லும் விகுதி வருகிறது, நிர்வாகம் என்று செய்தவரைச் சுட்டுகிறார். ஆங்கிலத்தில் அந்த விகுதிக்கு இணையான விகுதி இல்லை. அதற்குப் பதிலாகச் சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டுக் காட்டுவார்கள். அல்லது நாம் அறிந்தவரை, என்னவோ சொல்கிறார்கள் என்பது போன்ற தொடரை இடையில் வைப்பார்கள். அதைக் கண்டால் எச்சரிக்கையாகுங்கள்.

சரியான பக்கத்தை அறிந்தபின்னும் ஒரு வழுக்கல் உண்டு. அது சொல்லின் வலிமையைப் பற்றியது. ரை என்னும் சொல்லுக்கு அருகில் சார்டானிக் என்றொரு சொல் தெரிவாக வரலாம். அதிலும் சிரிப்பு உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பில் இகழ்ச்சி இருக்கும். நம் பெரியவர் அந்த இளைஞரைப் பற்றி, "பால்குடி மாறாத பிள்ளை எனக்குக் காற்றைப் பற்றி வகுப்பு எடுத்தது" என்று எழுதியிருந்தால் சார்டானிக் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அவர் இளைஞரைக் காயப்படுத்தாமல் விட்டதனால் ரை என்பதே நிற்கிறது. அவ்வாறே இண்டிக்னன்ட் என்பதற்குக் கீழே கிரிட்டிக்கல் இருக்கிறது. அது குறை காணும் நிலை. குறையை எண்ணி எண்ணிக் காட்டி, குரலை உயர்த்தாமல் எழுதினால் கிரிட்டிக்கல். தகாது என்ற சூடு சேர்ந்தால் இண்டிக்னன்ட். இரண்டு சொற்களுக்கிடையே ஐயம் வந்தால், வலிமையான சொல்லுக்குப் பத்தியிலிருந்து சான்று கேளுங்கள். சான்று கிடைக்காவிட்டால் மென்மையான சொல்லை எடுங்கள்.

இரு சொற்கள் சேர்ந்த தெரிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். இண்டிக்னன்ட் அக்யூசேஷன் என்றால் கொதிப்புடன் குற்றம் சாட்டுதல். ரை அட்மிரேஷன் என்றால் கோணல் சிரிப்புடன் வியத்தல். பெரியவரின் பத்திக்கு ரை அட்மிரேஷன் என்று ஒரு தெரிவு தந்தால், ரை என்பதைக் கண்டதும் பென்சில் அங்கே ஓடும். ஆனால் அவர் புதிய நகரை வியக்கிறாரா? இல்லை. ஒரு பாதி சரியாகவும் மறுபாதி தவறாகவும் உள்ள தெரிவு முழுவதும் தவறே.

மற்றொரு பொறி, பத்திக்குள் பேசுபவர் யார் என்பது. ஒரு செய்தியாளர், "தொழிலாளர்கள் கொதித்துப் போனார்கள். இது அநியாயம் என்றார் ஒருவர். நிர்வாகம், சட்டப்படியே கடிதம் அனுப்பியதாகத் தெரிவித்தது" என்று எழுதுகிறார். கொதிப்பு இருக்கிறது, ஆனால் அது தொழிலாளருடையது. செய்தியாளர் இரு தரப்பையும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். இங்கே எழுத்தாளரின் மனப்பான்மை ஆப்ஜெக்டிவ், அதாவது நடுநிலை. யாருடைய மனப்பான்மை என்று வினா கேட்கிறது என்பதை விடை எழுதுமுன் மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

நாம் சொன்ன சோதனைகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதற்கு ஆங்கில இலக்கியத்தில் புகழ்பெற்ற சான்று இருக்கிறது. அயர்லாந்தில் வாழ்ந்த ஜானதன் ஸ்விஃப்ட் 1729-இல் எ மாடெஸ்ட் புரப்போசல் என்ற சிறு நூலை வெளியிட்டார். தலைப்பின் பொருள், அடக்கமான ஒரு யோசனை என்பது. அயர்லாந்தின் வறுமையைத் தீர்க்க வழி சொல்வதாகக் கூறிக்கொண்டு, ஏழைகள் தம் குழந்தைகளைச் செல்வர்களுக்கு உணவாக விற்கலாம் என்று, கணக்கு வழக்குகளோடு, பொறுமையான குரலில் அதில் எடுத்துரைக்கிறார். அந்நூலில் குரல் உயரவில்லை. குற்றச்சாட்டு நேராக வரவில்லை. வாக்கியங்களை மட்டும் பார்த்தால் நிதானமான பொருளாதார அறிக்கை போல் இருக்கும். ஆனால் எந்த மனிதரும் ஏற்க முடியாத ஒன்றை அவ்வளவு நிதானமாகச் சொல்வதே நமக்கு அடையாளம். பேசுபவராக ஒருவரைப் படைத்து, அவருக்குப் பின்னே ஸ்விஃப்ட் நிற்கிறார். தொனி என்று கேட்டால் ஐரானிக், அதாவது சொல்வதற்கு மாறாகக் கருதுதல். எழுத்தாளரின் மனப்பான்மை என்று கேட்டால் இண்டிக்னன்ட். ஸ்விஃப்ட் 1745-இல் இறந்தார். தம் கல்லறைக்குரிய இலத்தீன் வாசகத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். இண்டிக்னன்ட் என்பதோடு ஒரே வேரில் பிறந்த இலத்தீன் சொல் ஒன்று அந்த வாசகத்தில் இடம்பெற்றிருக்கிறது. டப்ளின் நகரில் புனித பேட்ரிக் பேராலயத்தில் அதனை இன்றும் காணலாம்.

ஆகவே, சொல்லப்படும் செய்தி கொடுமையாகவும் சொல்லும் குரல் அளவுக்கு மீறி அமைதியாகவும் இருந்தால், அமைதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். சோம்பர் பத்தியும் அமைதியானதுதானே, அதை எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். சோம்பர் பத்தியில் செய்தியின் கனமும் குரலின் கனமும் ஒத்திருக்கும். ஸ்விஃப்ட் போன்றோரிடம் அவை இரண்டும் ஒத்திரா. கொடுமையைக் கடைச்சரக்குப் போல் பேசுவார்கள். பெரியவரின் பத்தியிலும் செய்திக்கும் குரலுக்கும் இடைவெளி இருந்ததே என்றால், உண்மைதான். அங்கே பேசுபவரும் எழுதுபவரும் ஒருவரே. அவர் சொல்வதை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஸ்விஃப்டின் நூலில் பேசுபவர் சொல்வதை நாம் ஏற்கவே முடியாது. வேறுபாடு அதுதான்.

முடிக்கும் முன், வீட்டில் செய்து பார்க்க ஒரு சிறு பத்தியைத் தருகிறோம். எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். "நகராண்மைக் கழகம் எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் நட்டது. ஈராண்டு கழித்து அதில் விளக்கையும் பொருத்தியது. மின்சாரம் மட்டும்தான் பாக்கி. இரவில் அந்தக் கம்பத்தில் முட்டிக்கொள்ளாமல் நடப்பதற்காக நாங்கள் எல்லோரும் கைவிளக்கு வாங்கியிருக்கிறோம்." தெரிவுகள்: சோம்பர், ரை, இண்டிக்னன்ட்.

நகராண்மைக் கழகம் என்று செய்தவரின் பெயர் வந்துவிட்டதே என்று சிலர் இண்டிக்னன்ட் எழுதியிருக்கலாம். பெயர் வந்தது உண்மை. "இது தகாது" என்ற தீர்ப்பு வந்ததா? வரவில்லை. வந்தது கம்பத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்க வாங்கிய கைவிளக்கு. வெளிச்சத்துக்காக நட்ட கம்பமே இருட்டில் தொல்லையாகிவிட்டதை, தம்மையும் அதற்குள் வைத்தே சிரித்துச் சொல்கிறார் எழுத்தாளர். விடை ரை.

இனி, இதே நான்கு வாக்கியங்களை எடுத்து, செய்தி மாறாமல், ஒருமுறை சோம்பர் ஆகவும் ஒருமுறை இண்டிக்னன்ட் ஆகவும் நீங்களே எழுதிப் பாருங்கள். எந்தச் சொல்லை மாற்றியதால் குரல் மாறியது என்று அடிக்கோடிடுங்கள். தேர்வு மண்டபத்தில் நீங்கள் தேட வேண்டிய சொற்கள் அத்தகையவையே.